முடிவா, காரணமா: பால்ஃபர் வழக்கை வைவாவில் வாதிடுவது எப்படி

வழக்குக் குறிப்பை எழுதிக் கொடுத்த சட்ட மாணவரை வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு உட்கார வைத்தால், பெரும்பாலும் முதல் ஐந்து நிமிடத்திலேயே ஒரு சிக்கல் வரும். "நீதிமன்றம் சொன்ன காரணங்கள் ஏற்கும்படி இருக்கின்றனவா, குறையுள்ளவையா?" என்று கேட்பார்கள். "குறையுள்ளவை, மேடம்." "ஏன்?" "அந்தப் பெண்ணுக்குப் பணம் கிடைக்காமல் போய்விட்டதே." உடனே தேர்வாளர், "அது முடிவைப் பற்றிய உங்கள் வருத்தம். நான் கேட்டது காரணத்தைப் பற்றி" என்பார். அதற்கு மேல் மாணவரிடம் சொல்ல எதுவும் இருக்காது.

முடிவு வேறு, அதற்குச் சொன்ன காரணம் வேறு. சரியான முடிவு சொத்தைக் காரணத்தின் மேல் நிற்கலாம். மனசுக்கு ஒப்பாத முடிவுக்குப் பின்னால் அசைக்க முடியாத காரணம் இருக்கலாம். எழுத்தில் இந்த இரண்டையும் கலந்து ஒப்பேற்றிவிட முடியும், ஏனென்றால் தாள் திருப்பிக் கேட்காது. எதிரில் உட்கார்ந்திருப்பவர் கேட்பார். இந்த வேறுபாட்டைப் பழகிக்கொள்ள ஒப்பந்தச் சட்டத்தில் ஒரு வழக்கு வசதியாகக் கிடைத்திருக்கிறது: 1919ல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த பால்ஃபர் எதிர் பால்ஃபர். தீர்ப்பு சில பக்கங்கள்தான். மூன்று நீதிபதிகளும் ஒரே முடிவுக்கு வந்தார்கள், ஆனால் ஒரே வழியில் வரவில்லை. வைவாவுக்கு இதைவிட நல்ல வழக்கு அமைவது கஷ்டம்.

நடந்தது என்ன

கணவர் ஒரு பொறியாளர். இலங்கை அரசில் நீர்ப்பாசன இயக்குநர். 1900ல் திருமணம். இலங்கையில் குடித்தனம். 1915 நவம்பரில் அவருடைய விடுப்புக்காக இருவரும் இங்கிலாந்துக்கு வந்தார்கள். 1916 ஆகஸ்டில் விடுப்பு முடிந்தது. மனைவிக்கு மூட்டுவாத நோய். இன்னும் சில மாதம் இங்கிலாந்திலேயே இருப்பது நல்லது என்று மருத்துவர் சொன்னார். கணவர் ஆகஸ்ட் 8ஆம் தேதி கப்பல் ஏறினார். கிளம்பும் முன் ஆகஸ்ட் 31 வரைக்கும் 24 பவுண்டுக்கு ஒரு காசோலை கொடுத்தார்; அதன் பிறகு மனைவி திரும்பி வரும்வரை மாதம் 30 பவுண்டு அனுப்புவதாகச் சொன்னார்.

அப்புறம் கடிதங்களில் பேச்சு மாறியது. பிரிந்தே இருப்பது நல்லது என்று கணவர் எழுதினார். 1918 மார்ச்சில் மனைவி சேர்ந்து வாழும் உரிமையைக் கேட்டு வழக்குப் போட்டார். ஜூலையில் அவருக்குச் சாதகமாக ஆணை, டிசம்பரில் ஜீவனாம்ச உத்தரவு. இவை ஒரு தடம். இதற்குத் தனியாக, அந்த 30 பவுண்டு வாக்குறுதி ஒப்பந்தம் என்றும் அதைக் கணவர் மீறிவிட்டார் என்றும் இன்னொரு வழக்கு. முதல் நிலையில் நீதிபதி சார்ஜன்ட் மனைவி பக்கம் தீர்த்தார். மனைவியைக் காப்பாற்றும் கடமை கணவருக்கு ஏற்கெனவே இருக்கிறது. அந்தக் கடமையின் அளவை மாதம் இவ்வளவு என்று இருவரும் பேசி முடித்துக்கொண்டார்கள். ஒரு வாக்கு ஒப்பந்தமாவதற்குப் பதிலுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும், அதுதான் மறுபயன்; மனைவி அதற்கு ஒத்துக்கொண்டதே போதுமான மறுபயன் என்பது சார்ஜன்ட்டின் கணக்கு. மேல்முறையீட்டில் வாரிங்டன், டியூக், அட்கின் மூவரும் அதைத் தலைகீழாக்கினார்கள்.

குறிப்பில் சம்பவத்தை மூன்று வரியில் சுருக்கி எழுதுவது வழக்கம். வைவாவுக்குப் போகும்போது அந்தச் சுருக்கம் போதாது, ஏனென்றால் வாதத்துக்கான சரக்கு சின்ன விவரங்களில்தான் இருக்கிறது. அந்த 24 பவுண்டைப் பாருங்கள். ஆகஸ்ட் 8 முதல் 31 வரை எண்ணினால் 24 நாள். நாளுக்கு ஒரு பவுண்டு. மாதம் 30 பவுண்டும் அதே விகிதம்தான். மனைவியின் சாட்சியத்தில் இன்னொன்றும் இருக்கிறது: அன்றைக்கு இருவரும் உட்கார்ந்து கணக்கு எழுதினார்கள், முதலில் 34 பவுண்டு வந்தது, பிறகு கணவர் 30 என்றார். இது போகிற போக்கில் சொன்ன வாக்கு இல்லை என்பதற்கு மனைவி தரப்பில் இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. அதே சாட்சியத்தில் அவருக்குப் பாதகமான வரியும் உண்டு. குறுக்கு விசாரணையில், அந்த ஏற்பாடு இணக்கமாக இருக்கும் எந்தத் தம்பதியும் செய்துகொள்ளக்கூடியதுதான் என்று அவரே ஒத்துக்கொண்டார். இரண்டு வரிகளையும் கையில் வைத்திருப்பவருக்கு வைவாவில் பாதி பயம் போய்விடும்.

எந்த நீதிபதியின் காரணம்?

"நீதிமன்றத்தின் காரணம் குறையுள்ளது" என்று தொடங்கியவுடன் வரும் கேள்வி இதுதான்: "எந்தக் காரணம்? யார் சொன்னது?" பாடநூல்கள் இந்த வழக்கை ஒரே வரியில் முடித்துவிடும்: சட்டப்படி கட்டுப்படும் எண்ணம் இல்லாமல் ஒப்பந்தம் இல்லை, தம்பதியருக்கிடையே அப்படி எண்ணம் இல்லை என்றே அனுமானிக்கப்படும். அது பெரும்பாலும் அட்கினின் காரணம். மற்ற இருவரும் என்ன சொன்னார்கள் என்று தெரியாமல் வருபவர் இங்கேயே மாட்டிக்கொள்வார்.

டியூக் முக்கியமாக மறுபயனைப் பார்த்தார். கணவர் வாக்குக் கொடுத்தார், சரி. பதிலுக்கு மனைவி என்ன கொடுத்தார்? பிரிந்து வாழும் தம்பதியாக இருந்தால், தன் தேவைகளுக்குக் கணவரின் பெயரில் கடன் வாங்கும் உரிமையை மனைவி விட்டுக்கொடுத்தார் என்று சொல்லலாம். வாக்குக் கொடுத்த நாளில் இவர்கள் பிரிந்தவர்கள் இல்லை. ஒருவர் வேலைக்குத் திரும்புகிறார், மற்றவர் சிகிச்சைக்காகத் தங்குகிறார். ஆகவே பிரிந்தவர்கள் பற்றிய பழைய தீர்ப்புகள் இங்கே உதவாது. கூடவே, குடும்பத்துக்குள் சொல்லும் வாக்கெல்லாம் வழக்காகலாம் என்று வைத்தால் அது சச்சரவுக்கு வழி என்றும் சேர்த்தார்.

அட்கின் வேறு பாதையில் வந்தார். இரண்டு பேர் சேர்ந்து நடக்கப் போகலாம் என்று பேசிக்கொள்வதும் ஓர் உடன்பாடுதான், ஆனால் ஒப்பந்தம் இல்லை. தம்பதியருக்கு நடுவில் உள்ள ஏற்பாடுகளும் அந்த ரகம். அவற்றில் பரஸ்பர வாக்கும் மறுபயனின் வடிவமும் இருக்கலாம் என்று அவர் வெளிப்படையாக ஒத்துக்கொள்கிறார். இருந்தும் ஒப்பந்தமாகாததற்குக் காரணம், சட்ட விளைவு வரவேண்டும் என்ற எண்ணம் இருவருக்குமே இல்லை என்பதுதான்.

ஒரு நீதிபதி மறுபயன் இல்லை என்கிறார். இன்னொருவர் மறுபயன் இருந்தாலும் ஒப்பந்தம் இல்லை என்கிறார். முடிவு ஒன்றுதான், ஆனால் பின்னால் வரும் வழக்குகளுக்கு இவை இரண்டு வெவ்வேறு சாவிகள். நாளைக்கு ஒரு மனைவி தெளிவான மறுபயன் கொடுத்துவிட்டு வந்தால், டியூக் வழியில் அவர் ஜெயிக்கலாம்; அட்கின் வழியில் இன்னும் ஒரு தடை பாக்கி இருக்கிறது.

இதுவரை படித்த மாணவர் உற்சாகத்தில் ஒரு படி தாண்டுவார்: "எண்ணம் பற்றிப் பேசியது அட்கின் ஒருவர்தான், மேடம். ஆகவே அது பெரும்பான்மையின் காரணமே இல்லை. பாடநூல்கள் எல்லாம் தவறு." கேட்க நன்றாக இருக்கும். ஆனால் தேர்வாளர் வாரிங்டன் தீர்ப்பின் இறுதிப் பகுதியைத் திறப்பார். அங்கே, சட்டத்தால் அமல்படுத்தக்கூடிய பேரத்தைச் செய்யும் எண்ணம் இந்த இருவருக்கும் ஒருபோதும் இல்லை என்று அவரும் எழுதியிருக்கிறார். அடுத்த வரிகளில், மனைவி எந்தப் பேரமும் செய்யவில்லை, வழக்கைத் தீர்க்க அதுவே போதும் என்கிறார். வாரிங்டன் இரண்டு காரணங்களிலும் ஒவ்வொரு காலை வைத்திருக்கிறார். எனவே எண்ணம் என்ற காரணத்துக்கு இரண்டு நீதிபதிகள் உண்டு. மறுபயன் என்ற காரணத்துக்கும் இரண்டு நீதிபதிகள் உண்டு. "அட்கின் மட்டும்" என்பதைவிட, "அட்கின் மட்டும்தான் எண்ணத்தை ஒரு பொதுக் கொள்கையாக விரித்தார், வாரிங்டன் அதை இந்த இருவரைப் பற்றிய முடிவாகத்தான் சொன்னார்" என்று பேசுபவரை மடக்குவது கடினம். இப்படிப் பேசத் தீர்ப்பை முழுசாகப் படித்திருக்க வேண்டும், வேறு வழியில்லை.

அரசாணை நுழையாத வீடு

அட்கின் தீர்ப்பில் எல்லோரும் குறிவைக்கும் வரி ஒன்று உண்டு. இந்த வாக்குறுதிகளைப் பொறுத்தவரை ஒவ்வொரு வீடும் ஒரு தனி ஆட்சிப் பகுதி, அரசரின் ஆணை அதற்குள் நுழைய முற்படுவதில்லை என்பது அதன் சாரம். மாணவர்கள் இதை ஆணாதிக்கம் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அந்த விமர்சனத்தில் உண்மை இருக்கிறது; வீட்டுக்குள் யாருக்குப் பலம் என்று பார்க்காமல் விலகி நிற்பது பலமுள்ளவருக்குச் சாதகம்தான். ஆனால் வைவாவில் அதைப் பெயர்ச்சொல்லாக வீசினால் எடுபடாது. 1919ன் மனிதரை இன்றைய அளவுகோலால் அளக்கிறீர்கள் என்று ஒரு வரியில் ஒதுக்கிவிடுவார்கள். அதைத் தீர்ப்புக்குள்ளேயே இருந்து காட்ட வேண்டும்.

காட்ட முடியும். இதே தம்பதியின் வீட்டுக்குள் அரசாணை ஏற்கெனவே நுழைந்திருந்தது. சேர்ந்து வாழும் உரிமை பற்றிய ஆணை 1918 ஜூலையில், ஜீவனாம்ச உத்தரவு டிசம்பரில். எந்த நீதிமன்ற அமைப்பு வீட்டுக்குள் நுழையாது என்று அட்கின் சொன்னாரோ, அதே அமைப்பு சில மாதங்களுக்கு முன்னால் இந்த வீட்டில் யார் யாருக்குப் பணம் தரவேண்டும் என்று உத்தரவிட்டிருந்தது. அப்படியானால் வீடு சட்டத்துக்கு வெளியே இருக்கிறது என்பது நிலவரத்தின் வர்ணனை கிடையாது. எந்தக் கதவைத் திறப்பது, எதை மூடுவது என்று நீதிமன்றம் செய்த தேர்வு அது.

நல்ல தேர்வாளர் இதை விடமாட்டார். "இந்த வாக்குறுதிகளைப் பொறுத்தவரை என்றுதானே அட்கின் சொல்கிறார்? ஜீவனாம்சம் வாக்குறுதியால் வருவது இல்லையே. திருமணம் என்ற நிலையிலிருந்து சட்டமே தருவது. இரண்டையும் ஏன் குழப்புகிறீர்கள்?" இது சரியான எதிர்ப்பு. இங்கே பலர் தன் வாதத்தையே கைவிட்டுவிடுவார்கள், அல்லது அதையே உரக்கத் திருப்பிச் சொல்வார்கள். இரண்டும் வேண்டாம். ஒத்துக்கொள்ள வேண்டியதை ஒத்துக்கொண்டு, எஞ்சியதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்: "ஆமாம், அந்த வரம்பு அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது. முரண்பாடு என்று நான் சொல்லவில்லை. ஆனால் வரம்போடு படித்தால் அந்த வாக்கியம் காரணமாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. வீடு தனி என்பதால் வாக்கு அமலாகாது என்றால் அது காரணம். இந்த வாக்குகளைப் பொறுத்தவரை வீடு தனி என்றால், அது முடிவையே இன்னொரு முறை சொல்வது." இப்படித் தன் குற்றச்சாட்டைச் சுருக்கிக் கூர்மையாக்குவதற்குத்தான் மதிப்பெண் கிடைக்கிறது என்பது என் கருத்து. எதிர்ப்பு வந்த பிறகும் ஒருவரின் நிலை அப்படியே மாறாமல் இருந்தால், அவர் கேள்வியைக் கேட்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றும்.

வழக்குகள் பெருகும் என்ற பயம்

அட்கினின் இன்னொரு காரணம், இப்படிப்பட்ட ஏற்பாடுகளையெல்லாம் ஒப்பந்தம் என்றால் நாட்டின் சிறு நீதிமன்றங்களை நூறு மடங்காக்க வேண்டியிருக்கும் என்பது. வாரிங்டனும் கிட்டத்தட்ட இதையே வேறு வடிவில் சொன்னார்: வாழ்க்கையின் சில்லறை விஷயங்களில் கொடுக்கும் வாக்குகளெல்லாம் அமலாக வேண்டியிருக்கும். வழக்கமான பதில், "நூறு மடங்கு என்பதற்கு ஆதாரம் இல்லை" என்பது. அது சரிதான், ஆனால் மேலோட்டமானது. தீர்ப்பில் வரும் மிகைச்சொல்லைப் புள்ளிவிவரமாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

உண்மையான குறை இதற்கு அடியில் இருக்கிறது. என் பார்வையில் இந்தத் தீர்ப்பின் மிகப் பலவீனமான இடம் இதுதான். அட்கின் தன் காரணம் எண்ணம் என்கிறார். எண்ணம் என்பது சம்பவம் சார்ந்த கேள்வி. இந்த இருவர், இந்த நாளில், என்ன நினைத்தார்கள் என்பது. அந்தக் கேள்வியை ஒவ்வொரு வழக்கிலும் கேட்டாலே போதும், சில்லறை வாக்குகள் தாமாக உதிர்ந்துவிடும். நடக்கப் போகலாம் என்று சொன்னவர் வழக்கைப் பற்றி நினைத்திருக்கவே மாட்டார். அப்படியிருக்க வழக்குகள் பெருகிவிடும் என்ற பயம் எதற்கு? மாறாக, அந்தப் பயம்தான் உண்மையான காரணம் என்றால், அது எண்ணம் பற்றிய பேச்சே இல்லை. தம்பதியர் எண்ணினாலும் எண்ணாவிட்டாலும் நீதிமன்றம் தலையிட விரும்பவில்லை என்ற கொள்கை முடிவு அது. ஒன்று இருந்தால் மற்றது தேவைப்படாது. இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போது, கொள்கை முடிவுக்கு எண்ணம் என்ற சட்டை போட்டிருப்பதாகத் தெரிகிறது.

அந்த 34, 30 கணக்கு இங்கேதான் பயன்படும். எண்ணம் உண்மையிலேயே சம்பவம் சார்ந்த கேள்வி என்றால், இந்த இருவரும் உட்கார்ந்து எழுதிய கணக்கு, நாளுக்கு ஒரு பவுண்டு என்று பிசகாமல் வரும் காசோலை, இடையில் கடல், மனைவியின் நோய், அவருக்கு வேறு வருமானம் உண்டா என்ற கேள்வி, எல்லாவற்றையும் எடைபோட வேண்டும். அட்கினின் காரண விளக்கத்தில் பெரும்பகுதி பொதுவாகத் தம்பதியர் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதைப் பற்றியது. இந்தத் தம்பதி எப்படி நடந்துகொண்டார்கள் என்பதற்கு அதில் குறைந்த இடம்தான்.

இதற்குத் தேர்வாளரிடம் இரண்டு பதில்கள் இருக்கும், இரண்டுக்கும் தயாராக இருக்க வேண்டும். முதலாவது: "கணக்குப் போட்டுக் கொடுத்தால் வழக்குப் போடும் எண்ணம் வந்துவிடுமா? வீட்டுச் செலவுக்கு வாரம் இவ்வளவு என்று எல்லோரும் கணக்குப் போட்டுத்தான் கொடுக்கிறார்கள். அந்த உதாரணத்தை அட்கினே சொல்கிறார்." இதற்குப் பதில், வாரச் செலவு தரும் கணவர் அதே வீட்டில் இருக்கிறார், தவறினால் மனைவி அன்றைக்கே கேட்கலாம். கடல் தாண்டிப் போனவரின் மாதப் பணம் மட்டுமே ஒருவரின் பிழைப்பு என்றால் நிலைமை வேறு. கணக்கு மட்டும் எண்ணத்தை நிரூபிக்காது. கணக்கும் சூழ்நிலையும் சேர்ந்து, எடைபோட வேண்டிய விஷயம் ஒன்று இருந்ததைக் காட்டுகின்றன. குற்றச்சாட்டு, எடை தவறாகப் போனது என்பது இல்லை. சரியாக எடைபோடவே இல்லை என்பது. இந்த வித்தியாசத்தை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது பதில் இன்னும் பலமானது. "அட்கின் நிரூபிக்கும் பொறுப்பு மனைவியுடையது என்று சொல்கிறாரே. கொள்கை அந்தப் பொறுப்பை யார் தலையில் வைப்பது என்று தீர்மானிக்கிறது. சம்பவம் அவர் அதை நிறைவேற்றினாரா என்று தீர்மானிக்கிறது. இரண்டுக்கும் வேலை இருக்கிறது. முரண்பாடு எங்கே?" தீர்ப்பை அதன் மிகப் பலமான வடிவத்தில் படிப்பது இப்படித்தான். இதை எதிர்பார்க்காமல் போகிறவர் இங்கே தோற்பார். எதிர்பார்த்தவர் இப்படிச் சொல்லலாம்: அந்த வாசிப்பில் தீர்ப்பு பொருந்தி வருகிறது, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எந்த மாதிரி ஆதாரம் இருந்தால் அந்தப் பொறுப்பு நிறைவேறும் என்று தீர்ப்பில் ஒரு குறிப்பும் இல்லை. முத்திரை வைத்த பத்திரம் வேண்டுமா, கையெழுத்து போதுமா, பிரிந்திருந்தால் போதுமா? பொறுப்பைத் தந்துவிட்டு அதை இறக்கிவைக்கும் வழியைச் சொல்லாத தீர்ப்பு, நடைமுறையில் கதவை மூடியதுக்குச் சமம்.

பின்னால் வந்த மெரிட்

1970ல் அதே மேல்முறையீட்டு நீதிமன்றம் மெரிட் எதிர் மெரிட் வழக்கில் மனைவி பக்கம் தீர்த்தது. கணவர் வேறொரு பெண்ணுடன் போய்விட்டிருந்தார். இருவரும் காரில் உட்கார்ந்து பேசினார்கள். மாதம் 40 பவுண்டு தருவதாகவும், மனைவி வீட்டுக் கடனை அடைத்து முடித்தால் வீட்டை அவர் பெயருக்கு மாற்றுவதாகவும் பேச்சு. எழுதிக் கையெழுத்துப் போடாமல் காரைவிட்டு இறங்கமாட்டேன் என்று மனைவி உட்கார்ந்துவிட்டார். கணவர் எழுதிக் கொடுத்தார். கடன் அடைந்ததும் பேச்சு மாறினார், தோற்றார்.

"மெரிட் வழக்கு பால்ஃபரை ரத்து செய்தது" என்று சொல்லும் மாணவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கலாம். செய்யவில்லை. அந்த வழக்கின் நீதிபதி டென்னிங் பால்ஃபரை வேறுபடுத்திக் காட்டினார்: அங்கே தம்பதி இணக்கமாக இருந்தார்கள், இங்கே பிரிந்துவிட்டார்கள். பிரிந்தவர்கள் கறாராகத்தான் பேரம் பேசுவார்கள், எதையும் சும்மா நம்பமாட்டார்கள் என்பது அவர் காரணம். ரத்து என்று சொன்னால் அடிப்படை தெரியவில்லை என்று அர்த்தம், அதற்கு மேல் விவாதம் தொடராது.

ஆனால் மெரிட்டை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். பால்ஃபர் சொல்லாமல் விட்ட குறிப்பை மெரிட் அரை நூற்றாண்டு கழித்துத் தந்தது: பிரிவும் எழுத்தும். அட்கினின் காரணத்தில் அந்த இடைவெளி இருந்தது என்பதற்கு அது சான்று. கூடவே ஒரு சங்கடத்தையும் அது காட்டுகிறது. இணக்கமாக இருந்தபோது நம்பிப் பேசிய மனைவிக்கு ஒன்றும் இல்லை. நம்பிக்கை போன பிறகு எழுதி வாங்கிய மனைவிக்கு எல்லாம் கிடைக்கிறது. இதைத் தீர்ப்பின் குறையாகச் சொல்வதா, ஒப்பந்தச் சட்டத்தின் இயல்பாகச் சொல்வதா என்பது மாணவரின் விருப்பம், ஆனால் ஒரு பக்கம் நின்றாக வேண்டும்.

பின்னால் வந்த வழக்கைக் கொண்டு முந்தைய தீர்ப்பைத் தவறு என்று நிரூபிக்க முடியாது என்பதையும் நினைவில் வைப்பது நல்லது. மெரிட்டை அட்கின் படித்திருக்க வழியில்லை. அவர் கையில் இருந்தவற்றை வைத்தே அவர் காரணம் தடுமாறுகிறது என்று காட்டிவிட்டு, பிறகுதான் மெரிட்டைத் தொட வேண்டும். வரிசை மாறினால் வாதம் பின்புத்தியாகிவிடும்.

தீர்ப்பை ஆதரிப்பவர் என்ன சொல்வார்

எல்லோரும் குறை சொல்லும் வழக்கில் ஆதரித்துப் பேசுவது தைரியமான காரியம், பல சமயம் லாபமான காரியமும்கூட. இந்த வழக்கில் அதற்குச் சரியான இடம் அட்கின் இல்லை. வாரிங்டனின் ஒரு வாதம், வர்ணனை எதுவும் இல்லாததால் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. இது ஒப்பந்தம் என்றால் இரண்டு பக்கமும் கட்டுப்பட வேண்டும் என்கிறார் அவர். கணவர், தன் நிலைமை எப்படி மாறினாலும் 30 பவுண்டு தந்தாக வேண்டும். மனைவியும் அந்த 30 பவுண்டோடு திருப்தியடைந்தாக வேண்டும், நோய் எப்படி முற்றினாலும், அதனால் என்ன செலவு வந்தாலும். 1916 ஆகஸ்ட் 8 அன்று அந்தப் பெண் அப்படி ஒரு வாக்கைக் கொடுத்தாரா? நோய் எந்தப் பக்கம் போகும் என்று தெரியாத ஒருவர் அப்படிக் கொடுத்திருப்பாரா?

இது நல்ல வாதம். சார்ஜன்ட் கண்டுபிடித்த மறுபயன் மனைவியையே கட்டிப்போடும் மறுபயன் என்று காட்டுகிறது. வீடு, அரசாணை, நூறு மடங்கு நீதிமன்றம், எதுவும் இதற்குத் தேவையில்லை. நோயாளியான மனைவியின் நலனைப் பார்த்தாலும் இந்த வாதம் நிற்கிறது. இதை எதிர்ப்பவருக்கு ஒரு பிடி இருக்கிறது: நிலைமை மாறும்வரை, அல்லது மனைவி திரும்பும்வரை என்று வரம்புள்ள ஒப்பந்தமாக ஏன் படிக்கக் கூடாது? மனைவியின் சாட்சியமே திரும்பும்வரை என்றுதானே சொல்கிறது? அதற்கு ஆதரிப்பவர், அப்படிப் படித்தாலும் அந்த இடைப்பட்ட காலத்தில் மனைவி எதை விட்டுக்கொடுத்தார் என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை என்பார். இந்த இடத்தில் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமமாக நிற்கின்றன என்று நினைக்கிறேன்.

ஆகவே, "முடிவு நியாயப்படுத்தக்கூடியது; அதற்கு வாரிங்டனின் குறுகிய காரணம் போதும்; அட்கினின் விரிந்த காரணம் தேவைக்கு மேல் போகிறது, போன இடத்தில் தடுமாறுகிறது" என்ற நிலையை எடுக்கலாம். உடனே ஒரு கேள்வி வரும்: "இரண்டு பக்கமும் காலை வைத்துத் தப்பிக்கிறீர்களா?" தப்பிப்பதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. தப்பிப்பவர் "ஒரு வகையில் சரி, இன்னொரு வகையில் தவறு" என்று நிறுத்திவிடுவார். இந்த நிலையை எடுப்பவர், எந்தப் பத்தி நிற்கிறது, எந்தப் பத்தி விழுகிறது, விழுந்ததை எடுத்துவிட்டாலும் முடிவு ஏன் நிற்கிறது என்று சொல்ல வேண்டும்.

அதோடு அந்த நிலையின் விலையையும் தானே சொல்லிவிடுவது நல்லது. வாரிங்டனின் காரணத்தோடு நிறுத்தியிருந்தால் பால்ஃபர் வெறும் மறுபயன் வழக்காகி, இன்று சட்டப்படி கட்டுப்படும் எண்ணம் என்ற தனி நிபந்தனைக்கு வேறு எங்காவது அடிப்படை தேடியிருக்க வேண்டும். இரவு உணவுக்கு அழைத்துவிட்டு ஏமாற்றியவர் மேல் ஏன் வழக்குப் போட முடியாது என்பதற்கு மறுபயன் மட்டும் எப்போதும் பதில் தராது. விருந்தாளி கையோடு பழம் வாங்கி வருவதாகச் சொல்லியிருந்தால் மறுபயனும் இருக்கிறது. அட்கின் பிடித்த பிரச்சினை உண்மையானது. அவர் அதைக் கட்டிய விதத்தில்தான் குறை. "அப்படியானால் நீங்கள் அந்தத் தீர்ப்பை எப்படி எழுதியிருப்பீர்கள்?" என்று கேட்டால், இப்படிச் சொல்லலாம்: எண்ணம் வேண்டும் என்ற விதியை வைத்துக்கொள்வேன், தம்பதியர் விஷயத்தில் நிரூபிக்கும் பொறுப்பை மனைவி மேல் வைத்ததையும் வைத்துக்கொள்வேன், வீடு பற்றிய வரியையும் நூறு மடங்கையும் நீக்குவேன், அந்த 34ஐயும் 30ஐயும் எடுத்து எடைபோட்டு, இணக்கமான தம்பதி செய்யக்கூடிய ஏற்பாடு என்று குறுக்கு விசாரணையில் மனைவி ஒத்துக்கொண்டதால் அந்தப் பொறுப்பு நிறைவேறவில்லை என்று முடிப்பேன். அதே முடிவுதான், ஆனால் அடுத்த வழக்கில் கணக்கோடும் கையெழுத்தோடும் வரும் மனைவிக்கு எந்த இடத்தில் தட்டினால் கதவு திறக்கும் என்பது தெரிந்திருக்கும்.